ஒரு நாளைக்கு எத்தனை அடி? பேச்சிப்பாறை வரைபடத்தின் சாய்வுக் கணக்கு

பேச்சிப்பாறை அணையின் முழு நீர்மட்டம் 48 அடி, கொள்ளளவு 4,350 மில்லியன் கன அடி. பெருஞ்சாணி அணையின் முழு நீர்மட்டம் 77 அடி, கொள்ளளவு 2,890 மில்லியன் கன அடி. குமரி மாவட்டத்தில் மழைக்காலம் வந்தால் இந்த இரண்டு அணைகளின் நீர்மட்டம் நாளிதழில் தினமும் வரும். அந்த எண்களைக் கோர்த்து யாரேனும் ஒரு கோட்டு வரைபடம் போட, அதை இன்னொருவர் கைபேசியில் படம் பிடிக்க, அது கைமாறி நம்மிடம் வந்து சேரும். கூடவே “தண்ணி வேகமா ஏறுது” என்று ஒரு வரியும் வரும்.

எவ்வளவு வேகம் என்பதற்கு விடை அந்தப் படத்துக்குள்ளேயே இருக்கிறது. கோட்டின் சாய்வுதான் வேகம். அதை எடுக்க இரண்டு புள்ளிகள், ஒரு கழித்தல், ஒரு வகுத்தல் போதும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் செங்குத்தை வேகம் என்று நம்பிவிடக் கூடாது. படத்தை அகலவாக்கில் இழுத்தால் கோடு படுத்துக்கொள்ளும், நெருக்கினால் நிமிர்ந்துகொள்ளும். அணையில் ஏறிய நீர் மட்டும் மாறாது. ஆகவே ‘நாளுக்கு இத்தனை அடி’ என்று அலகோடு எழுதினால்தான் அது சாய்வு. அந்த எண்ணை எப்படி எடுப்பது, அதை எவ்வளவு நம்புவது, அதிலிருந்து நீரின் அளவை எப்படிக் கணக்கிடுவது என்பதே இந்தக் கட்டுரை.

எடுத்துக்கொண்ட படம்

கணக்கு தெளிவாக இருக்க ஒரு மாதிரிப் படத்தை வைத்துக்கொள்வோம். அணையின் பெயரும் கொள்ளளவும் உண்மை. படத்தில் உள்ள அக்டோபர் மாத நீர்மட்டங்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. படுக்கை அச்சில் அக்டோபர் 1 முதல் 31 வரை தேதிகள். நிலை அச்சில் 36 அடி முதல் 46 அடி வரை நீர்மட்டம். காகிதத்தில் அச்சான இந்த வரைபடத்தை ஒருவர் கைபேசியில் நேராகப் படம் பிடித்திருக்கிறார்.

கணினியில் ‘பெயிண்ட்’ போன்ற படச் செயலியில் திறந்து, சுட்டியை ஓர் இடத்தில் வைத்தால் அந்த இடத்தின் பிக்சல் எண்கள் இரண்டு கீழே தெரியும். முதல் எண் இடமிருந்து வலம், இரண்டாம் எண் மேலிருந்து கீழ். இந்த இரண்டாம் எண்ணில் கவனம் வேண்டும். வரைபடத்தில் மதிப்பு மேலே போகப் போகக் கூடும். பிக்சல் எண்ணோ மேலே போகப் போகக் குறையும். இதை மறந்தால் ஏறும் அணை கணக்கில் இறங்கும்.

கணினி இல்லாதவர்கள் படத்தை ஏ4 தாளில் அச்செடுத்து மில்லிமீட்டர் அளவுகோலால் அளக்கலாம். பிக்சல் என்ற இடத்தில் மில்லிமீட்டர் வரும், அவ்வளவுதான், வழிமுறை ஒன்றே.

முதல் பதிவு: அச்சுகளின் அளவு

கோட்டைத் தொடும் முன் அச்சுகளை அளக்க வேண்டும். ஒவ்வோர் அச்சிலும் மதிப்பு தெரிந்த இரண்டு இடங்கள் தேவை. அவை எவ்வளவு தூரத்தில் இருக்கின்றனவோ அவ்வளவு நல்லது. அடுத்தடுத்த இரண்டு கோடுகளை எடுத்தால் சிறு பிழையும் பெருகிவிடும்.

| அச்சு | முதல் இடம் | இரண்டாம் இடம் | பிக்சல் வேறுபாடு | அளவு |
|---|---|---|---|---|
| படுக்கை | அக்டோபர் 1: 430 | அக்டோபர் 31: 3,370 | 2,940 | 30 நாள், நாளுக்கு 98 பிக்சல் |
| நிலை | 36 அடி: 2,510 | 46 அடி: 410 | 2,100 | 10 அடி, அடிக்கு 210 பிக்சல் |

அக்டோபர் 1 முதல் 31 வரை தேதிகள் 31. ஆனால் இடைவெளிகள் 30. வகுக்க வேண்டியது இடைவெளிகளின் எண்ணிக்கையால்தான். 31 என்று வைத்தால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் சுருங்கி, மாதக் கடைசியில் ஒரு முழு நாள் பிசகிவிடும்.

இரண்டாம் பதிவு: புள்ளிகள்

மழை தொடங்கிக் கோடு நிமிரத் தொடங்கும் இடத்தை முதல் புள்ளி என்போம். படத்தில் அதன் பிக்சல் எண்கள் 1,214, 1,985. தேதி காண 1,214-லிருந்து 430-ஐக் கழித்தால் 784. 98-ஆல் வகுத்தால் 8. அக்டோபர் 1-லிருந்து எட்டு நாள் தள்ளி என்றால் அக்டோபர் 9. மட்டம் காண 2,510-லிருந்து 1,985-ஐக் கழித்தால் 525. 210-ஆல் வகுத்தால் 2.5. அடியில் இருப்பது 36. ஆகவே மட்டம் 38.5 அடி.

இரண்டாம் புள்ளி 2,194, 1,019. இதே வழியில் 1,764-ஐ 98-ஆல் வகுத்தால் 18 நாள், அதாவது அக்டோபர் 19. மட்டத்துக்கு 1,491-ஐ 210-ஆல் வகுத்தால் 7.1. ஆகவே 43.1 அடி.

இனி வேகம்:

```
(43.1 - 38.5) / (19 - 9) = 4.6 / 10 = 0.46
```

நாளுக்கு 0.46 அடி. அங்குலத்தில் சொன்னால் ஏறக்குறைய ஐந்தரை.

இந்தக் கணக்கில் 36 அடியைக் கூட்டுவதும் பிறகு கழிப்பதும் ஒன்றையொன்று அடித்துவிடுவதைக் கவனிக்கலாம். நிலை அச்சு பூஜ்யத்தில் தொடங்கினாலும் 36-இல் தொடங்கினாலும் சாய்வு மாறாது. மாறுவது நம் கண்ணில் படும் விகிதம். இந்தப் படத்தில் முதல் புள்ளி அடிக்கோட்டிலிருந்து இரண்டரைக் கட்டம் மேலே இருக்கிறது. இரண்டாவது ஏழுக்கும் சற்று மேல். பார்த்தவுடன் நீர் மூன்று மடங்கு ஆனதுபோலத் தோன்றும். உண்மையில் 38.5 அடி 43.1 அடியாக ஆகியிருக்கிறது. உயர்வு 12 விழுக்காடு. வெட்டப்பட்ட அச்சில் சாய்வை எடுக்கலாம், ‘இத்தனை மடங்கு’ என்று மட்டும் சொல்லக் கூடாது.

கோணமானியை வைத்துப் பார்ப்பதும் இப்படித்தான் ஏமாற்றும். இரண்டு புள்ளிகளுக்கும் இடையே கோடு 966 பிக்சல் ஏறியிருக்கிறது, 980 பிக்சல் நகர்ந்திருக்கிறது. கோணம் ஏறக்குறைய 45 பாகை. பள்ளிக்கூடத்தில் 45 பாகைக்குச் சாய்வு 1 என்று படித்திருப்போம். அந்த 1 பிக்சலுக்குப் பிக்சல் கணக்கு. இதே படத்தைப் பாதி அகலத்துக்கு நெருக்கினால் கோணம் 63 பாகைக்கு மேல் போகும். இரண்டு படத்திலும் அணை ஏறியது நாளுக்கு 0.46 அடியே.

மூன்றாம் பதிவு: பத்து நாளும் ஒரே வேகமா?

0.46 என்பது இரண்டு புள்ளிகளையும் நேராக இணைத்தால் வரும் சராசரி. இடையில் கோடு வளைந்திருந்தால் அந்தச் சராசரி எந்த ஒரு நாளுக்கும் பொருந்தாமல் போகலாம். கோடு திரும்பும் இடங்களைக் கண்டு அங்கே துண்டாக்க வேண்டும். நம் படத்தில் இரண்டு திருப்பங்கள் தெரிகின்றன: அக்டோபர் 14-இல் ஒன்று, 16-இல் ஒன்று. அவற்றின் நிலைப் பிக்சல்கள் 1,838, 1,334. மட்டங்கள் 39.2 அடி, 41.6 அடி.

| காலம் | மட்டம் | ஏற்றம் | நாள் | நாளுக்கு |
|---|---|---|---|---|
| அக். 9 – 14 | 38.5 → 39.2 | 0.7 அடி | 5 | 0.14 அடி |
| அக். 14 – 16 | 39.2 → 41.6 | 2.4 அடி | 2 | 1.20 அடி |
| அக். 16 – 19 | 41.6 → 43.1 | 1.5 அடி | 3 | 0.50 அடி |
| மொத்தம் | 38.5 → 43.1 | 4.6 அடி | 10 | 0.46 அடி |

பாதிக்கு மேற்பட்ட ஏற்றம் இரண்டே நாளில் நடந்திருக்கிறது. அந்த இரண்டு நாளின் வேகம் சராசரியைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல்.

இந்த வித்தியாசம் ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. அக்டோபர் 19-இல் 43.1 அடியில் இருக்கும் அணை 45 அடியை எப்போது தொடும் என்று ஒருவர் கேட்டால் இன்னும் 1.9 அடி வேண்டும். சராசரி வேகத்தில் நான்கு நாளுக்குச் சற்று மேல். கடைசித் துண்டின் வேகத்தில் நான்கு நாளுக்குச் சற்றுக் குறைவு. 14, 16 தேதிகளுக்கு இடையே பெய்த மாதிரி மழை மறுபடி வந்தால் ஒன்றரை நாள் கழிந்ததுமே தொட்டுவிடும். கோதையாற்றின் கரையிலும் அதற்குக் கீழே தாமிரபரணியாகக் குழித்துறை வழியே ஓடும் ஆற்றின் கரையிலும் இருப்பவர்களுக்கு நான்கு நாளும் ஒன்றரை நாளும் ஒன்றல்ல. முன்னே பார்த்துச் சொல்ல வேண்டுமென்றால் நடப்புத் துண்டின் சாய்வையும், அந்தப் பருவத்தில் கண்ட மிகச் செங்குத்தான துண்டின் சாய்வையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சராசரி நடந்து முடிந்ததைத் தொகுக்க மட்டும் உதவும்.

வரைபடம் போடும் செயலிகளில் கோட்டை வழவழப்பாக்கும் வசதி ஒன்று உண்டு. அதைப் போட்டிருந்தால் புள்ளிகளுக்கு நடுவே கோடு தானாக வளைந்து ஓடும். சில இடங்களில் அளந்த உச்சத்தையும் தாண்டி மேலே போய்த் திரும்பும். அங்கே யாரும் மட்டம் அளக்கவில்லை. திருப்பங்கள் முனையாக இல்லாமல் உருண்டு தெரிந்தால் இந்த வசதியைச் சந்தேகிக்கலாம். அப்போது புள்ளிக்குறி போட்ட இடங்களை மட்டும் படிக்க வேண்டும். நடுவில் உள்ள வளைவைத் தொடவே கூடாது.

நான்காம் பதிவு: பிழையின் அளவு

படத்தில் கோடு மெல்லியதாக இருப்பதில்லை. பெரிதாக்கிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு பிக்சல் தடிமனான பட்டையாகத் தெரியும், ஓரங்கள் மங்கியிருக்கும். பட்டையின் நடுவைத்தான் எடுக்கிறோம் என்றாலும், ஒவ்வொரு வாசிப்பிலும் மேலோ கீழோ 6 பிக்சல் தவறலாம் என்று வைத்துக்கொள்வது நியாயம். அடிக்கு 210 பிக்சல் என்றால் 6 பிக்சல் 0.03 அடிக்குச் சற்றுக் குறைவு. இரண்டு புள்ளிகளிலும் எதிரெதிர்ப் பக்கம் தவறினால் ஏற்றத்தில் வரக்கூடிய மிக மோசமான பிழை 0.06 அடிக்குள்.

4.6 அடி ஏற்றத்தில் 0.06 அடி பெரிதல்ல, ஒன்றேகால் விழுக்காடு. ஆனால் இதே 0.06 அடி ஒரே நாள் இடைவெளியில் என்ன செய்யும் என்று பாருங்கள். ஒரு நாளில் 0.46 அடி ஏறியதாகப் படித்தால் அதில் எட்டில் ஒரு பங்கு பிழையாக இருக்கலாம். 0.14 அடி ஏறிய நாள் என்றால் பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு. புள்ளிகள் நெருங்க நெருங்கப் பிழை அப்படியே இருக்கும், ஏற்றம் மட்டும் சுருங்கும். அதனால்தான் ஒரே நாள் சாய்வைப் படத்திலிருந்து எடுப்பது ஆபத்து. கோடு நேராக ஓடும் துண்டு எவ்வளவு நீளமோ அதன் இரண்டு முனைகளையும் எடுப்பதே சரி.

படுக்கை அச்சிலும் 6 பிக்சல் தவறலாம். ஆனால் அதை அறவே நீக்க ஒரு வழி இருக்கிறது. அணையின் மட்டம் நாளுக்கு ஒருமுறை, காலையில் குறிக்கப்படும் எண்ணாகத்தான் நாளிதழில் வருகிறது. ஆகவே புள்ளிகள் முழு நாளில்தான் இருக்க முடியும். கணக்கில் 8.04 நாள் என்று வந்தால் அதை 8 என்றே எடுத்துக்கொள்ளலாம். தரவு எப்படி எடுக்கப்பட்டது என்று தெரிந்தால் ஓர் அச்சின் பிழை முழுவதும் கழிந்துவிடுகிறது.

விடையை எழுதும்போது பிழைக்கு ஏற்ற இலக்கத்தோடு நிறுத்த வேண்டும். கணிப்பானில் 0.4603 என்று வந்தாலும் நாளுக்கு 0.46 அடி, அதில் 0.01 முன்பின் என்பதே நேர்மையான விடை.

ஐந்தாம் பதிவு: சாய்த்துப் பிடித்த படம்

இதுவரை படம் நேராக எடுக்கப்பட்டது என்று வைத்தோம். அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருப்பதைப் பக்கவாட்டில் நின்று எடுத்தால் கதை வேறு. கைபேசிக்கு அருகில் உள்ள பக்கம் பெரிதாகவும் தூரத்தில் உள்ள பக்கம் சிறிதாகவும் விழும். இதைக் கண்டுபிடிப்பது எளிது: இடது ஓரத்தின் உயரத்தையும் வலது ஓரத்தின் உயரத்தையும் அளந்தால் போதும். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் படம் சாய்ந்திருக்கிறது.

நம் படத்தில் இடது ஓரம் 2,100 பிக்சல், வலது ஓரம் 1,890 பிக்சல் என்று வைப்போம். பத்தில் ஒரு பங்கு சுருக்கம். கண்ணுக்கு அவ்வளவாக உறுத்தாது. இடது அச்சில் எடுத்த ‘அடிக்கு 210 பிக்சல்’ என்ற அளவை எங்கும் பயன்படுத்தினால் என்ன ஆகும்? இரண்டாம் புள்ளி அகலத்தில் பத்தில் ஆறு பங்கு தள்ளி விழுகிறது என்று கொண்டால் அங்கே படத்தின் முழு உயரம் 1,974 பிக்சல்தான். அங்குள்ள அடிக்கோட்டிலிருந்து அளந்தால், 43.1 அடியில் இருக்க வேண்டிய புள்ளி 42.7 அடியாகப் படிக்கப்படும். முதல் புள்ளி இடது ஓரத்துக்கு அருகில் இருப்பதால் 38.5-க்குப் பதில் 38.4 என்று வரும். ஏற்றம் 4.6 அடியிலிருந்து 4.24 அடியாகக் குறையும். வேகத்தில் 8 விழுக்காடு இழப்பு. கோட்டின் தடிமனால் வந்த பிழையைப்போல் ஆறு மடங்கு இது.

தேதிகளும் இதேபோல் நெருங்கும். தூரப் பக்கத்தில் ஒரு நாளுக்கு 98 பிக்சல் இருக்காது. ஆகவே சாய்ந்த படத்தில் ஒரே அளவை முழுப் படத்துக்கும் போடக் கூடாது. புள்ளிக்கு மேலும் கீழும் ஓடும் கட்டக்கோடுகள் இரண்டை அந்தப் புள்ளியின் நேரிலேயே அளக்க வேண்டும். 43 அடிக் கோட்டுக்கும் 44 அடிக் கோட்டுக்கும் இடையே அங்கே 197 பிக்சல் இருந்து, புள்ளி 43-க்கு மேல் 20 பிக்சலில் இருந்தால், மட்டம் 43.1. சின்ன இடைவெளிக்குள் சுருக்கம் ஏறக்குறைய ஒரே அளவாக இருப்பதால் இந்த வாசிப்பில் பிழை மிகக் குறைவு. தேதியைக் கட்டக்கோடுகளை எண்ணியே கண்டுகொள்ளலாம்.

கட்டக்கோடுகள் இல்லாத படம் என்றால் நான்கு மூலைகளையும் இழுத்துச் செவ்வகமாக்கும் வசதியைக் கைபேசியின் ஆவண ஸ்கேன் செயலியில் பயன்படுத்தலாம். செவ்வகமாக்கிய பிறகு அச்சுகளை மறுபடி அளக்க வேண்டும். பழைய பிக்சல் எண்கள் எதுவும் செல்லாது. நிறையப் புள்ளிகளைப் படிக்க வேண்டியவர்களுக்கு WebPlotDigitizer என்ற இலவசச் செயலி இருக்கிறது. அதுவும் இதையேதான் செய்கிறது: ஒவ்வோர் அச்சிலும் இரண்டு இடங்களை நாம் சுட்டி மதிப்பைக் கொடுக்க வேண்டும், மீதிப் புள்ளிகளை அது கணக்கிடும். அச்சைத் தவறாகச் சுட்டினால் அதன் விடைகள் அத்தனையும் தவறு.

ஆறாம் பதிவு: அடியிலிருந்து கன அடிக்கு

நாளுக்கு 0.46 அடி என்பது மட்டத்தின் வேகம். வயலுக்கு வேண்டியது மட்டமல்ல, நீர். ஓர் அடி ஏறினால் எவ்வளவு நீர் என்பது அணைக்கு அணை மாறும்.

முதல் மதிப்பீட்டுக்கு முழுக் கொள்ளளவை முழு மட்டத்தால் வகுத்துப் பார்க்கலாம். வினாடிக்கு ஒரு கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் ஓடினால் 86,400 கன அடி, அதாவது 0.0864 மில்லியன் கன அடி. இந்த ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் மட்டத்தையும் நீர்வரத்தையும் இணைத்துவிடலாம்.

| அணை | கொள்ளளவு (மில்லியன் கன அடி) | முழு மட்டம் | சராசரியாக ஓர் அடிக்கு | நாளுக்கு ஓர் அடி ஏற வேண்டிய நிகர வரத்து |
|---|---|---|---|---|
| பேச்சிப்பாறை | 4,350 | 48 அடி | 90.6 | வினாடிக்கு சுமார் 1,050 கன அடி |
| பெருஞ்சாணி | 2,890 | 77 அடி | 37.5 | வினாடிக்கு சுமார் 434 கன அடி |

இரண்டு அணைகளின் கோடுகளையும் ஒரே படத்தில் போட்டு, இரண்டும் ஒரே சாய்வில் ஏறுவதாக வைப்போம். பேச்சிப்பாறையில் சேரும் நீர் பெருஞ்சாணியில் சேர்வதைப்போல் ஏறக்குறைய 2.4 மடங்கு. மறுபக்கமாகச் சொன்னால், ஒரே அளவு வெள்ளம் இரண்டுக்கும் வந்தால் பெருஞ்சாணியின் கோடுதான் செங்குத்தாக ஏறும். “பெருஞ்சாணிதான் வேகமா நிறையுது, அங்கதான் மழை அதிகம்” என்று கோட்டை மட்டும் பார்த்துச் சொல்வது இதனால்தான் தவறாகிறது. அங்கே பள்ளத்தாக்கு ஒடுங்கியது, ஆழமானது. அவ்வளவே.

இனி நம் பத்து நாள் கணக்கை நீராக மாற்றலாம்.

| காலம் | ஏற்றம் | சேர்ந்த நீர் (மில்லியன் கன அடி) | நிகர வரத்து (வினாடிக்கு கன அடி) |
|---|---|---|---|
| அக். 9 – 14 | 0.7 அடி | 63 | 147 |
| அக். 14 – 16 | 2.4 அடி | 217 | 1,260 |
| அக். 16 – 19 | 1.5 அடி | 136 | 525 |
| மொத்தம் | 4.6 அடி | 417 | 483 |

417 மில்லியன் கன அடி என்பது எவ்வளவு? பேச்சிப்பாறை, பெருஞ்சாணி உள்ளிட்ட கோதையாறு பாசனத் திட்டத்தின் ஆயக்கட்டு, ராதாபுரம் பகுதியையும் சேர்த்து, சுமார் 79,000 ஏக்கர். அந்தப் பரப்பு முழுவதும் இந்த நீரைப் பரப்பினால் ஒன்றரை அங்குல உயரம் நிற்கும். கும்பப்பூப் பயிருக்காக வினாடிக்கு 600 கன அடி வீதம் திறந்துவிட்டால் ஒரு நாளைக்குப் போவது 52 மில்லியன் கன அடி. ஆக, பத்து நாளில் சேர்ந்தது எட்டு நாள் திறப்புக்குப் போதும். அணை நான்கரை அடி ஏறிவிட்டது என்ற மகிழ்ச்சியை ஏலாவில் நிற்கும் விவசாயிக்கு இப்படி நாள் கணக்கில் சொன்னால்தான் அது பயன்படும்.

ஏழாம் பதிவு: சராசரி எங்கே தவறும்

அடிக்கு 90.6 மில்லியன் கன அடி என்பது அடியாழத்திலிருந்து முழு மட்டம் வரைக்குமான சராசரி. அணையின் நீர்ப்பரப்போ புனலைப்போல மேலே போகப் போக விரியும். 10 அடியிலிருந்து 11 அடிக்கு ஏறத் தேவையான நீரைவிட 42-லிருந்து 43-க்கு ஏறத் தேவையான நீர் அதிகம். ஆகவே 38 அடிக்கு மேல் நாம் போட்ட கணக்கு குறைந்தபட்ச மதிப்பு; உண்மையில் சேர்ந்த நீர் அதைவிடக் கூடுதல். வரைபடத்தில் ஒரே சாய்வில் நேராக ஏறும் கோடுகூட, மேலே போகப் போக வரத்து கூடிக்கொண்டே வருகிறது என்றுதான் பொருள்படும். வரத்து மாறாமல் இருந்தால் கோடு மெல்ல மெல்லப் படுத்துக்கொள்ளும். அதைப் பார்த்து மழை விட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

துல்லியம் வேண்டுமென்றால் எந்த மட்டத்துக்கு எவ்வளவு கொள்ளளவு என்ற அணையின் அட்டவணை வேண்டும். அது கையில் இல்லாதபோது நாளிதழ் எண்களிலிருந்தே அடிக்கான அளவைப் பிடித்துவிடலாம். ஒருநாள் வரத்து வினாடிக்கு 1,400 கன அடி, வெளியேற்றம் 600 கன அடி என்று போட்டிருப்பதாக வைப்போம். நிகரம் 800. அதை 0.0864-ஆல் பெருக்கினால் 69 மில்லியன் கன அடி. அந்த நாளில் மட்டம் 0.6 அடி ஏறியிருந்தால், அந்த உயரத்தில் ஓர் அடிக்கு 115 மில்லியன் கன அடி. நான்கைந்து நாளுக்கு இப்படிப் பார்த்துச் சராசரி எடுத்தால் நம்பகமான எண் கிடைக்கும். பிறகு படத்திலிருந்து எடுத்த எந்தச் சாய்வையும் அதனால் பெருக்கிக்கொள்ளலாம்.

இந்தச் சரிபார்ப்பு இன்னொரு வகையிலும் உதவும். படத்திலிருந்து கிடைத்த நிகர வரத்தும் நாளிதழில் வந்த வரத்து, வெளியேற்றக் கழித்தலும் வெகுவாக முரண்பட்டால் எங்கோ தவறு இருக்கிறது. பெரும்பாலும் அது மூன்றில் ஒன்றாக இருக்கும்: படம் சாய்ந்திருக்கிறது; வலப்பக்கத்தில் மழையளவுக்காகப் போட்ட இரண்டாவது அச்சை நீர்மட்டம் என்று படித்துவிட்டோம்; அல்லது பேச்சிப்பாறையின் கோட்டை எடுத்துப் பெருஞ்சாணியின் அளவால் பெருக்கிவிட்டோம்.

எட்டாம் பதிவு: கோடு சொல்லாதவை

மட்டத்தின் சாய்வு எப்போதும் நிகரத்தைத்தான் சொல்கிறது. கோடு படுக்கையாக ஓடினால் அணைக்கு நீர் வரவில்லை என்று பொருளில்லை. வருவது அவ்வளவும் வெளியே போகிறது என்றுதான் பொருள். வினாடிக்கு 2,000 கன அடி வந்து 2,000 கன அடி திறக்கப்பட்டாலும் கோடு அசையாது. மழைக்காலத்தில் அணையை ஒரு மட்டத்தில் நிறுத்திவைத்து உபரியைத் திறக்கும் நாள்களில் வரைபடம் சாதுவாகத் தெரியும், ஆறு நிரம்பி ஓடும். அப்போது பார்க்க வேண்டியது மட்டக் கோட்டையல்ல, வெளியேற்றத்தின் எண்ணை.

கோடு இறங்கும்போதும் அதே கவனம் வேண்டும். மட்டம் நாளுக்கு 0.3 அடி இறங்கினால் மேலே கண்ட 115 என்ற அளவில் 34.5 மில்லியன் கன அடி குறைகிறது, அதாவது வினாடிக்குச் சுமார் 400 கன அடி. திறந்துவிட்டிருப்பது 600 என்று அறிவித்திருந்தால் மீதி 200 கன அடி மலையிலிருந்து இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்று கண்டுகொள்ளலாம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையுமே பெறும் மாவட்டம் இது. முதல் மழை ஓய்ந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் இந்த மிச்ச வரத்துதான் கும்பப்பூ நாற்றுக்கு எவ்வளவு நம்பலாம் என்று சொல்லும்.

1906-இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறையின் நீர், பெருஞ்சாணியின் நீரோடு சேர்ந்து தோவாளைக் கால், அனந்தனார் கால், பத்மநாபபுரம் புத்தனார் கால் எனப் பிரிந்து நாஞ்சில் நாட்டுக் குளங்களுக்கும் ஏலாக்களுக்கும் போகிறது. கடைமடைக்காரருக்கு நீர் வந்து சேரச் சில நாள் ஆகும் என்பதால் அவர்தான் முன்கூட்டியே கணக்குப் பார்க்க வேண்டியவர். அவருக்கு ஒரு வரைபடத்தின் படத்தை அனுப்பும்போது அதன் கீழே நான்கு செய்திகளை எழுதி அனுப்பலாம்: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை படித்தோம், நாளுக்கு எத்தனை அடி, அதில் எவ்வளவு முன்பின் இருக்கலாம், ஓர் அடிக்கு எத்தனை மில்லியன் கன அடி என்று எடுத்துக்கொண்டோம். நம் படத்துக்கு அது இப்படி அமையும்: பேச்சிப்பாறை, அக்டோபர் 9 முதல் 19 வரை, நாளுக்கு 0.46 அடி, 0.01 முன்பின், அடிக்குக் குறைந்தது 90.6 மில்லியன் கன அடி, ஆக நிகர வரத்து வினாடிக்குக் குறைந்தது 483 கன அடி. இந்த ஒரு வரி இருந்தால் படத்தைப் பெற்றவர் மறுபடி அளந்து சரிபார்க்கவும் முடியும், தவறு இருந்தால் எந்தப் படியில் என்று சுட்டிக்காட்டவும் முடியும்.